பட்டை தப்பான இடத்தில் வந்தால்: ரைபோசோம் எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்கும் வழி

இ. கோலை பாக்டீரியாவில் ஒரு புரதத்தைச் செய்ய வைக்கிறீர்கள். ஐபிடிஜி போட்டாயிற்று, மூன்று நான்கு மணி நேரம் கழித்து செல்களை உடைத்து ஜெல் ஓட்டிப் பார்த்தால் எதிர்பார்த்த இடத்தில் பட்டையே இல்லை. அல்லது பட்டை இருக்கிறது, ஆனால் கூப்பிடாமலேயே இன்னும் ஒன்றிரண்டு கூட வந்து நிற்கின்றன. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் வெப்பநிலையைக் குறைப்பார்கள், ஐபிடிஜி அளவை மாற்றுவார்கள், வேறு செல் வகையில் போட்டுப் பார்ப்பார்கள். சில சமயம் சரியாகியும் விடும், ஆனால் ஏன் சரியானது என்று தெரியாது, அடுத்த ஜீனில் அதே தலைவலி மறுபடி வரும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காணாமல் போன துண்டு புரதத்தின் எந்த முனையில் இருந்தது? ரைபோசோம் எம்ஆர்என்ஏவை 5' முனையிலிருந்து 3' முனை நோக்கிப் படிக்கிறது, புரதத்தை என்-முனையிலிருந்து சி-முனை நோக்கிக் கட்டுகிறது, இந்தத் திசை ஒருநாளும் மாறாது. அதனால் என்-முனை இல்லாத துண்டு என்றால் ரைபோசோம் தப்பான இடத்தில் ஏறியிருக்கிறது (தொடக்கக் கோளாறு). சி-முனை இல்லை என்றால் பாதி வழியில் நின்றிருக்கிறது (நீட்சிக் கோளாறு). சி-முனைக்கு அப்பால் கூடுதலாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை (முடிவுக் கோளாறு). புரோட்டியேஸ் வெட்டினாலும் துண்டு வரும், அதைப் பிரித்தறியும் சோதனையைக் கீழே அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

இதற்காகத்தான், சந்தேகம் வந்தவுடன் அதே ஜீனை இரண்டு விதமாகக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் ஹிஸ்டிடின் டேக் என்-முனையில், இன்னொன்றில் சி-முனையில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, ஹிஸ்டிடின் டேக்குக்கான ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட் செய்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் நீலச் சாயத்தில் பட்டையின் அளவு மட்டும்தான் தெரியும், எந்த முனை மிச்சம் இருக்கிறது என்று தெரியாது.

அதற்கும் முன்னால் மூன்று விஷயங்களை முடித்துவிடுங்கள். பிளாஸ்மிடை ஸ்டார்ட் கோடானுக்கு மேலிருந்து ஸ்டாப் கோடானுக்கு அப்பால் வரை சீக்வென்ஸ் செய்யுங்கள். எம்ஆர்என்ஏ இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அது இல்லாவிட்டால் ரைபோசோமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அப்புறம், செல்லை உடைத்து சுழற்றியபின் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஓட்டாமல் அடியில் படிந்ததையும் ஓட்டுங்கள். "புரதமே வரவில்லை" என்று வருகிறவர்களில் கணிசமான பேருடைய புரதம் கரையாமல் அந்தப் படிவில்தான் கிடக்கிறது. அது மடிப்புப் பிரச்சினை, இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அறிகுறி 1: எம்ஆர்என்ஏ நிறைய இருக்கிறது, புரதம் எந்த அளவிலும் இல்லை

முதல் சந்தேகம் தொடக்கத்தின் மேல். பாக்டீரியாவில் ரைபோசோமின் சிறிய பகுதியான 30எஸ், ஸ்டார்ட் கோடானை எம்ஆர்என்ஏவின் முனையிலிருந்து நடந்து வந்து கண்டுபிடிப்பதில்லை. நேரடியாக அந்த இடத்தில் வந்து உட்கார்கிறது. உட்கார உதவுவது ஸ்டார்ட் கோடானுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஷைன்-டால்கார்னோ வரிசை. 1974இல் ஜான் ஷைனும் லின் டால்கார்னோவும் காட்டியது இதைத்தான்: எம்ஆர்என்ஏவின் அந்தச் சிறு துண்டு, 30எஸ்க்குள் இருக்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏவின் 3' வாலோடு எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்கிறது.

```
mRNA  5'-...UAAGGAGGU...-3'
16S   3'-   AUUCCUCCA...-5'
```

முழு ஒன்பதும் பொருந்த வேண்டியதில்லை, நான்கைந்து எழுத்துப் பொருந்தினாலே நடைமுறையில் போதும். ஆனால் தூரம் முக்கியம். ஷைன்-டால்கார்னோவுக்கும் AUGக்கும் இடையே ஐந்திலிருந்து ஒன்பது எழுத்து வரை இருந்தால் AUG நேராக ரைபோசோமின் பி-தளத்தில் வந்து விழும், அங்கே ஐஎஃப்-2 கொண்டுவரும் ஃபார்மைல்-மெத்தியோனின் டிஆர்என்ஏ அதைப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி மூன்றாகவோ பதினைந்தாகவோ ஆகிவிட்டால் ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் எட்டாது, புரதம் பல மடங்கு குறையும். குளோனிங்கின்போது ஸ்டார்ட் கோடானுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் தளத்தைச் செருகியவர்கள் முதலில் இதை எண்ணிப் பாருங்கள்.

இடைவெளி சரி, வரிசையும் சரி, ஆனாலும் ஒன்றுமே வரவில்லை என்றால் அந்தப் பகுதி மடிந்து மூடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கப் பகுதி தளர்வாக, ஒற்றை இழையாகக் கிடந்தால்தான் 30எஸ் உட்கார முடியும். இந்தத் துண்டைப் பாருங்கள்:

```
AAGGAG AUAUACAU AUG GCU ACC CUC CUU
```

AAGGAG இருக்கிறது, எட்டு எழுத்து இடைவெளி இருக்கிறது, AUG இருக்கிறது, பார்த்தால் குறையே இல்லை. ஆனால் நான்காவது, ஐந்தாவது கோடான்கள் இரண்டும் லியூசின், அவை CUC CUU என்று எழுதப்பட்டிருக்கின்றன. CUCCUU என்பதைத் திருப்பி வைத்தால் AAGGAGக்கு ஆறு எழுத்தும் அப்படியே ஜோடி. எம்ஆர்என்ஏ தன் மேலேயே மடிந்து, 16எஸ் வால் ஒட்ட வேண்டிய இடத்தில் தன் ஜீனின் சொந்தத் துண்டையே ஒட்டிக்கொள்கிறது. புரதத்தை மாற்றாமலே இதைச் சரிசெய்யலாம், லியூசினுக்கு ஆறு கோடான் இருக்கிறதே:

```
AAGGAG AUAUACAU AUG GCU ACC CUG UUA
```

மூன்று எழுத்து மாற்றம்தான், அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை. இப்படி எல்லா ஜீனிலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆர்என்ஏ மடிப்பைக் கணக்கிடும் மென்பொருளில் ஷைன்-டால்கார்னோவிலிருந்து முதல் பன்னிரண்டு பதின்மூன்று கோடான் வரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழு எம்ஆர்என்ஏவையும் கொடுத்தால் வரும் படம் அழகாக இருக்கும், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்காது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஜிஎஃப்பி புரதத்தை 154 வெவ்வேறு விதமாக, அமினோ அமிலம் மாறாமல் கோடான்களை மட்டும் மாற்றி எழுதி இ. கோலையில் போட்டார்கள். ஒளிரும் அளவு சுமார் 250 மடங்கு வரை வேறுபட்டது, அந்த வேறுபாட்டைப் பெரிதும் விளக்கியது ஸ்டார்ட் கோடானை ஒட்டிய பகுதியின் மடிப்பு வலிமைதான், ஜீன் முழுவதிலும் எவ்வளவு அரிய கோடான் இருக்கிறது என்பது அல்ல.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும், புரதம் வரவில்லை என்றவுடன் முழு ஜீனையும் "கோடான் ஆப்டிமைஸ்" செய்து புதிதாக வாங்குகிறவர்கள் நிறைய. என் பார்வையில் இது பெரும்பாலும் காசைக் கரியாக்குவது. இன்னும் மோசம், மென்பொருள் இ. கோலைக்குப் பிடித்த GC நிறைந்த கோடான்களாகத் தேர்ந்தெடுத்து முதல் பத்துக் கோடானையும் இறுக்கமாக மடிய வைத்துவிடலாம், அப்போது முன்பு கொஞ்சம் வந்ததும் வராது. முதல் பத்துப் பதினைந்து கோடானை A, U அதிகம் வருகிற மாதிரி கையால் மாற்றிப் பாருங்கள், இரண்டு ப்ரைமர் செலவில் முடியும்.

மாற்றியும் வரவில்லை என்றால், நன்றாக வெளிப்படும் ஒரு புரதத்தை முன்னால் ஒட்டிப் பார்க்கலாம். மால்டோஸ் பிணைப்புப் புரதத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ரைபோசோம் ஏறும் இடம் அப்போது அந்தப் புரதத்தினுடையது ஆகிவிடும், உங்கள் ஜீனின் தொடக்கம் எவ்வளவு மடிந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசோம் அந்த மடிப்பைப் பிரித்துக்கொண்டே போய்விடும். இப்படி ஒட்டியவுடன் புரதம் வந்தால் கோளாறு தொடக்கத்தில்தான் என்பதற்கு அதுவே நல்ல சான்று. ஒட்டியும் வராமல், ஒட்டிய புரதத்தின் அளவில் மட்டும் ஒரு பட்டை வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: சிறிய பட்டை, என்-முனை டேக் அதில் தெரிகிறது

ரைபோசோம் சரியாக ஏறியிருக்கிறது, நடுவில் நின்றுவிட்டது. நீட்சியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு சுற்று: இஎஃப்-டியூ, ஜிடிபியோடு ஒரு டிஆர்என்ஏவை ஏ-தளத்துக்குக் கொண்டுவரும், கோடானோடு பொருந்தினால் விட்டுவிட்டுப் போகும், பி-தளத்தில் இருக்கும் சங்கிலி ஏ-தளத்துக்கு மாறும், பிறகு இஎஃப்-ஜி எல்லாவற்றையும் ஒரு கோடான் தள்ளிவைக்கும். 37 டிகிரியில் நன்றாக வளரும் இ. கோலையில் இது விநாடிக்குச் சுமார் பதினைந்திலிருந்து இருபது முறை நடக்கிறது. ஏ-தளத்துக்கு வர வேண்டிய டிஆர்என்ஏ செல்லில் குறைவாக இருந்தால் ரைபோசோம் அந்தக் கோடானில் காத்திருக்கும்.

இ. கோலையில் இதற்குப் பேர்போனவை அர்ஜினினுக்கான AGA, AGG. தனியாக ஒன்று வந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால், அதிலும் ஐபிடிஜி போட்டு செல் முழுவதும் உங்கள் எம்ஆர்என்ஏவாக நிரம்பியிருக்கும்போது, டிஆர்என்ஏ கையிருப்பு தீர்ந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, காத்திருக்கும் ரைபோசோமைச் செல் சும்மா விடாது என்பது. நின்ற இடத்தில் எம்ஆர்என்ஏ வெட்டுப்படலாம், அப்போது டிஎம்ஆர்என்ஏ உள்ளே வந்து, பாதிப் புரதத்தின் வாலில் AANDENYALAA என்ற பதினோரு அமினோ அமிலத்தைச் சேர்த்து ரைபோசோமை விடுவிக்கும். அந்த வால் இருக்கும் புரதத்தை க்ளிப்எக்ஸ்பி போன்ற புரோட்டியேஸ்கள் விரைவாக அழித்துவிடும். அதனால் நீட்சிக் கோளாறு எப்போதும் கண்ணுக்குத் தெரியும் துண்டாக வரும் என்று நினைக்காதீர்கள், மங்கலான ஒரு கோடாகவோ ஒன்றுமே இல்லாமலோகூட வரலாம். அறிகுறி 1இல் ஒட்டிப் பார்க்கச் சொன்னது இந்தக் குழப்பத்தைப் பிரிக்கவும்தான்.

நின்ற இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 டால்டன். என்-முனை டேக் தெரியும் துண்டு 21 கிலோடால்டன் என்றால் 21,000 ÷ 110, சுமார் 190. ஜெல்லில் அளவு ஐந்து பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், ஆகவே 170இலிருந்து 210 வரையிலான கோடான்களை வரிசையில் பாருங்கள். அங்கே AGG AGG அடுத்தடுத்து நின்றால் சந்தேகத்துக்குரிய ஆள் கிடைத்துவிட்டது. அங்கே அரிய கோடான் எதுவும் இல்லை, ஆனால் மூன்று புரோலின் தொடர்ந்து இருக்கிறது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், புரோலினோடு புரோலினை இணைப்பது ரைபோசோமுக்குச் சிரமமான வேலை, அதற்கென்றே இஎஃப்-பி என்ற உதவிப் புரதம் இருக்கிறது. டிஆர்என்ஏவைக் கூட்டினால் அது சரியாகாது.

சந்தேகத்தை உறுதிசெய்ய, அரிய டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் பிளாஸ்மிட் உள்ள செல் வகையில் அதே கட்டுமானத்தைப் போட்டுப் பாருங்கள், ரோசெட்டா போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. சிறிய பட்டை மறைந்து முழு நீளம் கூடினால் முடிந்தது. மாறவே இல்லை என்றால் புரோட்டியேஸைச் சந்தேகியுங்கள்: ஐபிடிஜி போட்டபின் அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து ஓட்டுங்கள், ரைபோசோம் நின்று வந்த துண்டு முழுப் புரதத்தோடு சேர்ந்தே ஆரம்பத்திலிருந்து தெரியும், வெட்டுப்பட்டு வந்த துண்டு முழுப் புரதம் குறையக் குறைய மெதுவாகக் கூடும். முழுக்க நம்பக்கூடிய சோதனை அல்ல, வேகமான புரோட்டியேஸ் ஏமாற்றும், ஆனால் செலவில்லாதது.

ஒரு கிளைக் கோளாறும் உண்டு. AGG AGG மாதிரி இடத்தில் காத்திருக்கும் ரைபோசோம் ஓர் எழுத்து முன்னே நழுவிப் படிக்கும் சட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம், அல்லது அர்ஜினினுக்குப் பதில் லைசின் டிஆர்என்ஏவை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது நடந்தால் ஜெல்லில் எதுவும் தெரியாது, பட்டை சரியான இடத்தில் அழகாக நிற்கும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மட்டும் 28 டால்டன் குறைவான ஒரு துணை உச்சி தெரியும், லைசினுக்கும் அர்ஜினினுக்கும் உள்ள எடை வித்தியாசம் அது. படிகம் வளர்க்கவோ நொதியின் வேகத்தை அளக்கவோ புரதம் செய்கிறவர்கள் இதைப் பார்க்காமல் விடக்கூடாது.

அறிகுறி 3: சிறிய பட்டை, சி-முனை டேக் அதில் தெரிகிறது

ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். "சிதைவு" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு, புரோட்டியேஸ் தடுப்பானைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பட்டை அசையாது.

சி-முனை டேக் இருக்கிறது என்றால் ரைபோசோம் கடைசிவரை சரியாகப் போய்ச் சரியாக இறங்கியிருக்கிறது, ஏறியதுதான் நடுவில். 30எஸ் நேரடியாக வந்து உட்காரும் என்று மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது: ஜீனின் நடுவில் தற்செயலாக ஒரு ஷைன்-டால்கார்னோ மாதிரியும் சரியான தூரத்தில் ஒரு AUGயும் அமைந்துவிட்டால், 30எஸ்க்கு அது உண்மையான தொடக்கமா இல்லையா என்று தெரியாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். டேக்கையும் சேர்த்து 410 அமினோ அமிலம் உள்ள புரதம், எதிர்பார்க்கும் எடை சுமார் 45 கிலோடால்டன். சி-முனை டேக்குக்கான பிளாட்டில் 45இல் ஒரு பட்டை, 30இல் ஒரு பட்டை. 30,000 ÷ 110, சுமார் 273 அமினோ அமிலம். வால்பக்கம் மிச்சம் இருப்பது அவ்வளவு என்றால் துண்டு தொடங்குவது 410 − 273 + 1, அதாவது 138ஆவது கோடானை ஒட்டி. புரத வரிசையில் 125இலிருந்து 150 வரை மெத்தியோனின் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 138இல் ஒன்று இருக்கிறது. உடனே அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்:

```
AAG GAG GUU CUG AAC AUG
Lys Glu Val Leu Asn Met
```

கோடான் பிரிப்பை மறந்துவிட்டு எழுத்துகளை ஒட்டிப் படியுங்கள். AAGGAGG, அப்புறம் எட்டு எழுத்து, அப்புறம் AUG. வெக்டரில் காசு கொடுத்து வாங்கும் ஷைன்-டால்கார்னோவுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. லைசின்-குளூட்டமிக் அமிலம் என்று எழுதும்போது AAG GAG என்ற கோடான்களைத் தேர்ந்தெடுத்ததால் வந்த வினை.

இதை முழுவதும் மாற்றி எழுதத் தேவையில்லை:

```
AAA GAA GUU CUG AAC AUG
Lys Glu Val Leu Asn Met
```

இரண்டு G, A ஆகிவிட்டன, புரதம் அதேதான், 16எஸ் வாலுக்குப் பிடிப்புப் போய்விட்டது. இந்த மாற்றத்துக்குப் பிறகு 30இல் உள்ள பட்டை மறைந்தாலோ வெகுவாக மங்கினாலோ உள்தொடக்கம்தான். மெத்தியோனினையே லியூசினாக மாற்றியும் பார்க்கலாம், ஆனால் அது புரதத்தைத் தொடுகிறது. அதோடு AUGயை GUG அல்லது UUGயாக மாற்றுவதில் பயனில்லை, பாக்டீரியா அவற்றிலும் தொடங்கும், இ. கோலையின் சொந்த ஜீன்களிலேயே ஏழில் ஒன்று GUGயில் தொடங்குகிறது. 138க்கு அருகே மெத்தியோனினே இல்லை என்றால் விட்டுவிடாமல் வேலின், லியூசின் இருக்கும் இடங்களையும் இதே கண்ணோடு பார்ப்பது அதனால்தான்.

வரிசையில் தெளிவாக எதுவும் தெரியவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. உண்மையான தொடக்கத்துக்குப் பக்கத்தில், பத்தாவது கோடான் அளவில், ஒரு ஸ்டாப் கோடானை வையுங்கள். முழுப் புரதம் இனி வராது. 30இல் உள்ள பட்டை முழுப் புரதம் வெட்டுப்பட்டு வந்தது என்றால் வெட்டுவதற்கு எதுவும் இல்லாததால் அதுவும் போய்விடும். ரைபோசோம் நடுவில் தானாக ஏறியதால் வந்தது என்றால் அப்படியே நிற்கும். பட்டையின் அடர்த்தியை மட்டும் ஒப்பிடாதீர்கள். மேலிருந்து வரும் ரைபோசோம்களின் போக்குவரத்து நின்றுவிட்டதால் நடுப்பகுதி புதிதாக மடிந்து மூடலாம், அல்லது தடையில்லாமல் திறந்து கிடந்து பட்டை முன்பைவிடக் கனமாகவும் ஆகலாம். இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் இங்கே மதிப்பு.

நிக்கல் பத்தியில் சி-முனை டேக் வைத்துச் சுத்திகரிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாதியில் நின்ற துண்டுகளுக்கு டேக் இல்லை, அவை வழிந்து போய்விடும், ஆனால் நடுவில் தொடங்கிய துண்டு டேக்கோடு பத்தியில் ஒட்டிக்கொண்டு உங்கள் புரதத்தோடு சேர்ந்தே இறங்கும். என்-முனை டேக்கில் இது தலைகீழ். எந்தத் துண்டு தொல்லை தருகிறதோ அதைப் பிடிக்காத முனையில் டேக்கை வைப்பதுதான், வரிசையைத் திருத்த நேரம் இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் வழி.

அறிகுறி 4: எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிய பட்டை

எப்போதும் சந்தேகம் முடிவின் மேல் விழ வேண்டியதில்லை, சில புரதங்கள் அமிலத்தன்மையால் ஜெல்லில் மெதுவாக ஓடும், அவை எப்படி ஓட்டினாலும் பெரிதாகத்தான் தெரியும். சரியான இடத்தில் ஒன்று, அதற்கு இரண்டு மூன்று கிலோடால்டன் மேலே இன்னொன்று என்று ஜோடியாக வந்தால்தான் இந்தப் பகுதி.

ஸ்டாப் கோடான் ஏ-தளத்தில் வரும்போது அதைப் படிப்பது டிஆர்என்ஏ அல்ல, விடுவிப்புக் காரணிகள். UAG என்றால் ஆர்எஃப்-1, UGA என்றால் ஆர்எஃப்-2, UAAவை இரண்டுமே படிக்கும். அவை சங்கிலியை டிஆர்என்ஏவிலிருந்து வெட்டிவிடுகின்றன. காரணி வருவதற்குள் கொஞ்சம் பொருந்தும் டிஆர்என்ஏ ஒன்று முந்திக்கொண்டால் ரைபோசோம் ஸ்டாப்பைத் தாண்டி ஓடிவிடும். மூன்றில் அதிகம் கசிவது UGA, டிரிப்டோஃபன் டிஆர்என்ஏ UGGக்கானது என்றாலும் UGAவையும் எப்போதாவது படித்துவிடும். ஐபிடிஜி போட்டு ஒரே ஜீனிலிருந்து ரைபோசோம்கள் வரிசைகட்டி இறங்கும்போது ஆர்எஃப்-2க்கு வேலை அதிகமாகிக் கசிவு கூடும்.

எவ்வளவு நீளம் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். உங்கள் ஸ்டாப்புக்குப் பின்னால் அதே படிக்கும் சட்டத்தில் அடுத்த ஸ்டாப் எங்கே என்று வெக்டரில் எண்ணுங்கள். இடையில் 26 கோடான் என்றால் கசிந்த கோடானையும் சேர்த்து 27 அமினோ அமிலம், சுமார் 3 கிலோடால்டன். மேலே உள்ள பட்டை அந்தத் தூரத்தில் இருக்கிறதா? வெக்டரின் சி-முனை ஹிஸ்டிடின் டேக் அந்த 26க்குள் இருந்தால் இன்னும் நல்லது: ஜீனின் சொந்த ஸ்டாப்பை விட்டுவைத்துக் குளோன் செய்தவருக்கு டேக் தெரியவே கூடாது. பிளாட்டில் மேல் பட்டையில் மட்டும் டேக் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, ரைபோசோம் தாண்டிப் போயிருக்கிறது.

UAG வைத்திருப்பவர்கள் செல் வகையைப் பாருங்கள். டிஎச்5 ஆல்ஃபா, எக்ஸ்எல்1-ப்ளூ போன்ற குளோனிங் வகைகளில் UAGயைக் குளூட்டமினாகப் படிக்கும் மாறிய டிஆர்என்ஏ ஒன்று இருக்கிறது, ஜீனோடைப்பில் `glnV44` அல்லது பழைய பேரில் `supE44` என்று எழுதியிருப்பது அதுதான். அவற்றில் வெளிப்பாட்டைச் சோதித்துப் பார்த்தவருக்கு இரட்டைப் பட்டை வருவதில் வியப்பில்லை, பிஎல்21க்கு மாற்றினால் போய்விடும்.

மருந்து எளியது. ஸ்டாப்பை UAA ஆக்குங்கள், அதற்கு அடுத்த எழுத்தை U ஆக்குங்கள். UAAU இ. கோலையில் நன்றாக நிற்கும் அமைப்பு. ப்ரைமரில் TAAT என்று எழுதுவது ஒரு நிமிட வேலை, ஏன் எல்லாரும் வழக்கமாகவே இதைச் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை.

அறிகுறி 5: 18 கிலோடால்டன் அளவுக்கு மேலே நிற்கும் பட்டை

அரிது, ஆனால் வந்தால் ஆளைச் சுற்றவிடும். இரண்டு மூன்று அல்ல, பதினெட்டு போலக் கூடுதல். அடுத்த ஸ்டாப் வரையிலான கணக்கும் ஒத்துவராது. சங்கிலி இன்னும் டிஆர்என்ஏவிலிருந்து விடுபடவே இல்லை என்றால் இப்படித் தெரியும், புரதத்தோடு ஒட்டிய டிஆர்என்ஏவும் சேர்ந்து ஓடுகிறது. சில சங்கிலிகள் ரைபோசோமின் வெளியேறும் சுரங்கத்தில் இருந்துகொண்டே பின்னால் நடப்பதை நிறுத்திவிடும். இ. கோலையின் TnaC என்ற 24 அமினோ அமிலச் சங்கிலி, டிரிப்டோஃபன் நிறைய இருக்கும்போது UGAவில் ஆர்எஃப்-2 வேலை செய்ய விடாமல் நின்றுவிடுகிறது. SecM அதற்கு முன்பே, நீட்சியின் நடுவில், நிற்கும். நீங்கள் ஒட்டிய ஜீனில் அப்படி ஒரு துண்டு இருந்தால் இந்தப் பட்டை வரலாம்.

சோதனை ஒன்றே போதும். மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் மட்டும் ஆர்என்ஏஸ்-ஏ போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் 37 டிகிரியில் வைத்து ஓட்டுங்கள். டிஆர்என்ஏ அழிந்தால் பட்டை கீழே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் அது வெறும் புரதம், மேலே உள்ள மற்ற அறிகுறிகளுக்குத் திரும்புங்கள். ஓட்டும் ஜெல் நடுநிலை பிஎச் உள்ளதாக இருக்கட்டும். வழக்கமான காரத்தன்மையுள்ள ஜெல்லில், மாதிரியைக் கொதிக்கவைத்துப் போட்டால், சங்கிலிக்கும் டிஆர்என்ஏவுக்கும் இடையே உள்ள எஸ்டர் பிணைப்பு அங்கேயே உடைந்து, பார்க்க வேண்டிய பட்டை பார்ப்பதற்கு முன்பே போய்விடும். 95 டிகிரியில் கொதிக்கவிடாமல் 65இல் சில நிமிடம் சூடாக்குவது பாதுகாப்பு.